வேலை என்னுடையது, பேர் அவருக்கு: சண்டை போடாமல் எந்த வழி?

திரையில் வந்தது நான் போட்ட விளக்கப்படம்தான் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது ஓர் எழுத்துப்பிழை. ‘புகார்கள்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘புகர்கள்’. இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நான் தட்டியது. அதைத்தான் என் சக ஊழியர் புதன்கிழமைக் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். “நாங்க பார்த்ததுல” என்று ஆரம்பித்தவர், அரை நிமிடத்தில் “நான் கவனிச்ச ஒரு விஷயம்” என்று மாறிவிட்டார். மேனேஜர் தலையாட்டினார். “நல்லா பண்ணியிருக்கீங்க. அடுத்த கட்டத்தையும் நீங்களே எடுத்துக்குங்க.”

நடந்தது இதுதான். வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த 640 புகார்களை மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து வகை பிரித்திருந்தேன். ‘பதில் தாமதம்’ என்ற வகையில் 150 சேர்ந்தன. அதில் 90 பேர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் எழுதியவர்கள். “24 மணி நேரத்தில் பதில் வரும்” என்று தானாகப் போகும் மெயில் வெள்ளி மாலையும் அப்படியேதான் போகிறது. பதில் எழுத ஆள் வருவதோ திங்கள் காலை. அந்த மெயிலில் ஒரு வரியை மாற்றினால் தாமதப் புகார்களில் பாதி குறையும். செவ்வாய் மதியம் இதைப் படமாகப் போட்டு, “ஒரு பார்வை பாருங்க” என்று அவருக்கு அனுப்பினேன். புதன் காலை அது அவருடைய கண்டுபிடிப்பாகிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். பேசாமல் விடுவது, கூட்டத்திலேயே வாய் திறப்பது, தனியாக அவரிடம் பேசுவது, மேனேஜரிடம் போவது, இனி நடக்காதபடி முன்னேற்பாடு செய்வது என்று ஐந்து வழி தெரிந்தது. இவற்றில் நான்கை நானே முயன்று பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே தரமில்லை. எதை எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது.

முதலில், தெரிந்து செய்கிறாரா?

வழியைத் தேர்ந்தெடுக்குமுன் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோபத்தில் இருக்கும்போது எல்லோரும் திருடராகத்தான் தெரிவார்கள். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் கணவன், மனைவி இருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள்: வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு? இருவர் சொன்ன பங்கையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டியது. பெருமைப்படும் வேலைகளில் மட்டுமல்ல, சண்டையை ஆரம்பிப்பது மாதிரியான விஷயங்களிலும் தன் பங்கைக் கூடுதலாகவே சொன்னார்கள். அதனால் இதை வெறும் தற்பெருமை என்று தள்ளிவிட முடியாது. நாம் செய்தது நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருகிறது. அடுத்தவர் செய்ததில் பாதியை நாம் பார்க்கவே இல்லை.

இது அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் பொருந்தும் என்பதுதான் சங்கடம். அந்த 640 புகார்களைப் பழைய சிஸ்டத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர் அவர். இரண்டு நாள் வேலை. நான் அன்று மாலை மனசுக்குள் பேசிப் பார்த்த வசனங்களில் அது ஒரு தடவைகூட வரவில்லை.

அப்படியானால் தெரியாமல் செய்பவரையும் தெரிந்தே செய்பவரையும் எப்படிப் பிரிப்பது? நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். ஒன்று, நாம் எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் ‘நான்’ என்று சொல்கிறாரா, நாம் இல்லாத இடத்தில் மட்டும் சொல்கிறாரா? எதிரிலேயே சொல்பவர் பெரும்பாலும் தன்னை அறியாமல் சொல்கிறார். நாம் இல்லாத கூட்டம், நம்மைச் சேர்க்காத மெயில் என்று பார்த்துச் சொல்பவருக்குத் தான் செய்வது தெரியும். இரண்டாவது, அந்த வேலையில் ஒரு தப்பு வந்தால் அது யாருடையது ஆகிறது? பாராட்டு வரும்போது ‘நான்’, பிழை வரும்போது ‘அது அவங்க பண்ணது’ என்றால், யார் எதைச் செய்தார்கள் என்ற கணக்கு அவரிடம் துல்லியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு கட்ட முடியாது. எனக்கும் அன்று தெரியவில்லை.

பேசாமல் விடுவது

இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன விஷயம், முதல் தடவை, யார் செய்தது என்று மேனேஜருக்கே தெரியும் என்றால் விட்டுவிடுவதுதான் மலிவான வழி. ஆனால் விடுவதற்கு முன் எதை விடுகிறோம் என்று பார்க்க வேண்டும். நாம் இழப்பது பாராட்டு என்று நினைக்கிறோம். பாராட்டு ஒரு வாரத்தில் எல்லோருக்கும் மறந்துபோகும். உண்மையில் கை மாறுவது அடுத்த வேலை. “அடுத்த கட்டத்தையும் நீங்களே எடுத்துக்குங்க” என்றாரே மேனேஜர், அந்த வாக்கியத்துக்குத்தான் விலை அதிகம். அடுத்த கட்டத்தைச் செய்பவரைத்தான் ஆறு மாதம் கழித்து அந்த விஷயத்தில் ‘தெரிந்தவர்’ என்று கூப்பிடுவார்கள். வருடாந்தர மதிப்பீட்டிலும் அது அவர் பேரில்தான் ஏறும்.

அதனால் எனக்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. பாராட்டு மட்டும் போனால் விடலாம். தொடர்வேலையும் சேர்ந்து போனால் விடக்கூடாது. என் விஷயத்தில் தொடர்வேலையும் போயிருந்தது. மதியமே “அந்த முழு ஷீட்டையும் அனுப்புறீங்களா?” என்று அவரிடமிருந்து செய்தி வந்துவிட்டது.

கூட்டத்திலேயே வாய் திறப்பது

“அது நான் செஞ்சது” என்று அங்கேயே சொல்வது மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்த நிமிடம் மேனேஜர் பத்துப் பேர் முன்னால் தீர்ப்பு சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். யாரும் அதை விரும்புவதில்லை. பேச்சை மாற்றுவார். வேலை யாருடையது என்பது மறந்து, யார் குரலை உயர்த்தினார்கள் என்பதுதான் மற்றவர்கள் நினைவில் நிற்கும். உரிமை கொண்டாடுவதாகவும் ஆகும், உரிமையும் வராது.

இதிலேயே இன்னொரு விதம் இருக்கிறது, அது நல்ல வழி. செய்தவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விவரத்தைச் சேர்ப்பது. அவர் காட்டியது செவ்வாய் மதியம் நான் அனுப்பிய படம். அன்று இரவு மறுபடி சரிபார்த்தபோது, அந்த 90-இல் 17, ஏற்கெனவே எழுதியவர்களே மறுபடி எழுதியவை என்று கண்டுபிடித்தேன். அவற்றை நீக்கினால் 90 என்பது 73 ஆகும், மொத்தமும் 150-லிருந்து 133 ஆகும். அப்போதும் பாதிக்கு மேல்தான். இதை நான் கூட்டத்தில் இப்படிச் சொல்லியிருக்கலாம்: “அதுல ஒரு சின்னத் திருத்தம் சேர்க்கிறேன். பிரிக்கும்போது ரெண்டு தடவை எழுதினவங்களையும் எண்ணிட்டேன், நேத்து ராத்திரிதான் கவனிச்சேன். சரியான கணக்கு 73. முடிவு மாறலை.” யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பிரித்தது யார் என்பது கேட்பவர்களுக்கு விளங்கிவிடும். அடுத்த கேள்வி தானாக நம் பக்கம் திரும்பும்.

சொல்லியிருக்கலாம் என்கிறேன்; நான் சொல்லவில்லை. முகம் சூடாகி, காது அடைத்து உட்கார்ந்திருந்தேன். இந்த வழியின் பெரிய குறையே அதுதான். அந்த அரை நிமிடத்தில் நிதானம் இருக்க வேண்டும், சொல்ல உண்மையான விவரமும் கையில் இருக்க வேண்டும். விவரம் இல்லாமல், அவரை மாட்டிவிடுவதற்காகவே கேள்வி கேட்டால் எல்லோருக்கும் அது புரிந்துவிடும். ‘இந்த எண்ணை எப்படி எடுத்தீங்க?’ என்று தெரிந்துகொண்டே கேட்பது சண்டையேதான், சிரித்துக்கொண்டு போடுகிறோம், அவ்வளவுதான்.

நமக்காக நாம் சொல்வது கடினம், இன்னொருவர் சொன்னால் எளிது. ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பெண்கள் இதை ஒரு ஏற்பாடாகவே வைத்திருந்ததாக 2016-இல் செய்தி வந்தது. ஒருவர் நல்ல யோசனை சொன்னால் இன்னொருவர் அதைத் திரும்பச் சொல்வார், முதலில் சொன்னவரின் பேரையும் சேர்த்து. நம்பிக்கையான ஒரு சக ஊழியர் இருந்தால் இதை இருவருக்குள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நடந்துமுடிந்த ஒன்றுக்கு இது உதவாது.

தனியாக அவரிடம் பேசுவது

நான் முதலில் எடுத்தது இதுதான், இன்றும் முதல் தடவைக்கு இதையே சொல்வேன். அவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது இதில்தான் வெளியே வரும்.

நேரம் முக்கியம். அன்றே வேண்டாம், குரல் நடுங்கும். ஒரு வாரம் கழித்தும் வேண்டாம், “இத்தனை நாளா மனசுல வச்சிருந்தீங்களா?” என்று பேச்சு நம் மேலேயே திரும்பும். மறுநாள் காலை சரியாக இருக்கும். எழுத்தில் வேண்டாம்; எழுதினால் குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடும், அவரும் வக்கீல் மாதிரி பதில் எழுதுவார்.

என்ன சொல்வது என்பதை மூன்று வாக்கியத்துக்குள் அடக்கினேன். “நேத்து அந்த வெள்ளிக்கிழமை விஷயம் சொன்னப்போ என் பேர் வரலை. அடுத்த கட்டத்தை நான் பண்ணலாம்னு இருந்தேன், இப்ப அது உங்ககிட்ட வந்துடுச்சு. பிரிச்சது நான்னு மேனேஜருக்கு ஒரு வரி போட்டுடறீங்களா?” நடந்தது, அதனால் எனக்கு என்ன ஆனது, இப்போது என்ன வேண்டும், அவ்வளவுதான். ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’ என்பது இதில் கிடையாது. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. மன்னிப்பு கேட்பதற்குத் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வரி மெயில் போடுவதற்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவர் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டே சரிசெய்ய வழி கொடுப்பதுதான் இதில் சூட்சுமம்.

தெரியாமல் செய்தவர் என்றால் “அய்யோ, கவனிக்கவே இல்லை” என்று அன்றே எழுதிவிடுவார். கதை அங்கேயே முடிந்தது. என் சக ஊழியரோ சிரித்துக்கொண்டே, “எல்லாம் நம்ம டீம் வேலைதானே” என்றார். இதற்கு மறுப்பு சொல்லத் தேவையில்லை. “ஆமா, டீம் வேலைதான். எடுத்துக் கொடுத்தது நீங்க, பிரிச்சது நான்னு ரெண்டையும் சேர்த்தே போடுங்களேன்” என்றேன். “சரி, போட்டுடறேன்” என்றார். இரண்டு நாள் காத்திருந்தேன். போடவில்லை. மூன்றாவது நாள் ஞாபகப்படுத்தவும் இல்லை. மறுபடி கேட்டால் அது கெஞ்சலாகிவிடும். எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

ஒன்று மட்டும். எதிரே இருப்பவர் நமக்கு மேல்நிலையில் இருப்பவர், அல்லது மேனேஜருக்கு மிக நெருக்கமானவர் என்றால் இந்தப் பேச்சு அப்படியே வேறு வடிவத்தில் மேலே போய்ச் சேரும். அப்போது இதைத் தாண்டி நேராகக் கடைசி வழிக்குப் போவதே நல்லது.

மேனேஜரிடம் போவது

புகாராகப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்குங்க.” அவரைக் குறை சொல்ல முடியாது. யார் சொல்வது உண்மை என்று விசாரிக்க அவருக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. அப்புறம் நம் பேரைப் பார்த்தாலே அவருக்கு அந்தப் பிரச்சினைதான் ஞாபகம் வரும்.

அதே மேனேஜரிடம் வேலையைப் பற்றிப் பேசப் போனால் கதை வேறு. அடுத்த வாரம் அவரோடு தனியாகப் பேசும் நேரம் கிடைத்தபோது, சக ஊழியர் பேரையே எடுக்கவில்லை. “அந்த 640-ஐப் படிச்சப்போ இன்னொண்ணு கண்ணுல பட்டது. வெள்ளி மாலை எழுதினவங்கள்ல நிறைய பேர் கேட்டது ஒரே மாதிரி நாலஞ்சு கேள்விதான். அந்த மெயில்லயே பதில் போட்டுடலாம். வரைவு எழுதி வச்சிருக்கேன், பார்க்கறீங்களா?” என்றேன். அவர் ஒரு நொடி நிறுத்தி, “எல்லாத்தையும் படிச்சது நீங்களா?” என்று கேட்டார். “ஆமா, மூணு வாரம் ஆச்சு. எடுத்துக் கொடுத்தது அவர்” என்றேன். அவ்வளவுதான். மீதியை அவரே கூட்டிக் கழித்துக்கொண்டார். அந்தத் தொடர்வேலை என்னிடம் வந்தது.

இந்த வழிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அடுத்து சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். பழையதையே திரும்பக் காட்டப் போனால் அது வேறு உடுப்புப் போட்ட புகார்தான். நேரடிப் புகார் எப்போது சரி என்றால், திரும்பத் திரும்ப நடந்து, மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ கை வைக்கும்போது. அப்போதும் உணர்ச்சி உதவாது. தேதியோடு மூன்று சம்பவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆதாரம், அது போதும். பேரை எடுத்துக்கொள்வது மேனேஜரே என்றால் அது முற்றிலும் வேறு விஷயம், இங்கே சேர்க்கவில்லை.

முன்னேற்பாடு

இவ்வளவுக்கும் பிறகு எனக்குப் புரிந்தது, பேர் போனது புதன்கிழமைக் கூட்டத்தில் இல்லை. செவ்வாய் மதியமே போய்விட்டது. வேலை முடிந்ததற்கும், தெரிய வேண்டியவர் காதில் அது விழுவதற்கும் இடையே ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளில் படம் அவர் கையில் மட்டும் இருந்தது. முதலில் யார் வாயால் கேட்கிறோமோ அவருடையது என்றுதான் எவர் மனதும் பதிந்துகொள்ளும். பின்னால் எத்தனை திருத்தினாலும் முதல் பதிவு முழுதாக அழிவதில்லை. எனவே அந்த இடைவெளியைச் சுருக்க வேண்டும். மற்ற நான்கு வழிகளும் பேர் கைமாறிய பிறகு எடுப்பவை. இது ஒன்றுதான் போகாமலே பார்த்துக்கொள்வது. அதனால் எனக்கு இதுவே பிடித்தது.

செய்வது சின்ன விஷயம்தான். வாரந்தோறும் புதன்கிழமைக் கூட்டத்துக்கு முன்பே குழு முழுவதுக்கும், மேனேஜர் உட்பட, நான்கு வரி எழுதுகிறேன். அந்த வாரம் இது இருந்திருந்தால் இப்படி இருந்திருக்கும்:

“இந்த வாரம் 640 புகார்களையும் வகை பிரித்து முடித்தேன். சிஸ்டத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவருக்கு நன்றி (அவர் பேர்). பதில் தாமதப் புகார்களில் பாதிக்கு மேல் வெள்ளி மாலை எழுதியவர்களுடையவை; தானாகப் போகும் மெயிலே காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் மெயிலுக்கான வரைவு எழுதுகிறேன்.”

இதில் மூன்றாவது வரி கண்டுபிடிப்பைப் பதிவு செய்கிறது, நான்காவது வரி தொடர்வேலையைப் பிடித்து வைக்கிறது. ஆனால் இந்தக் குறிப்பை மற்றவர்கள் நம்பும்படி செய்வது இரண்டாவது வரி. அவர் பங்கை நாமே முதலில் எழுதிவிட்டால், நம் பங்கைப் பற்றி எழுதியதையும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவருக்கும் பிடுங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் பாதி போய்விடும்.

ஃபைல் விஷயத்திலும் ஒரு பழக்கம் மாறியது. படத்தைத் தனியாக அனுப்புவதில்லை, லிங்க் அனுப்புகிறேன். கூகுள் டாக்ஸ் மாதிரி இடங்களில் `Version history` திறந்தால் யார் எப்போது எதை எழுதினார்கள் என்று இருக்கும். யாராவது `Make a copy` போட்டு எடுத்துக்கொண்டால் அந்தப் பிரதியில் பழைய வரலாறு வராது, அதனால் இதைக் காவல்காரன் என்று நம்ப வேண்டாம். மூலம் நம்மிடம் இருக்கும் என்பதுதான் லாபம். ஆனால் இந்த வரலாற்றைத் திறந்து காட்டும் நிலை வந்தால் சண்டை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

அளவும் முக்கியம். வாரம் ஒன்று என்றால் வேலைப் பழக்கம். ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் மேனேஜரைச் சேர்த்து மெயில் போட்டால், ‘இவருக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை’ என்ற பேர்தான் வரும். இன்னொரு குறை, இது பலன் தர மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் இரண்டு குறிப்புகளை யாரும் படித்ததாகவே தெரியவில்லை.

இப்போது அந்தச் சக ஊழியரோடு எப்படி என்று கேட்டால், சுமுகமாகத்தான் இருக்கிறோம். அவர் எடுத்துக் கொடுக்கிறார், நான் பிரிக்கிறேன், இரண்டும் வாரக் குறிப்பில் இருக்கிறது. அவரும் தனக்கென்று ஒரு குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். போன மாதம் அந்தப் பழைய படத்தை வேறு ஒரு கூட்டத்தில் யாரோ காட்ட வேண்டியிருந்தது. அன்று காலை அவரிடமிருந்து ஒரு செய்தி: “உங்க படத்துல ஒரு எழுத்துப்பிழை இருக்கு, புகர்கள்னு போட்டிருக்கீங்க. திருத்திடறீங்களா?”